பங்கு அசைந்தது, மச்சானுக்கு நட்டம்: ஸ்ட்ரடில் வாங்குவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் ஒரு புதன்கிழமை நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு அழைத்தான். அங்கே அப்போது பிற்பகல் மூன்றரை. அமெரிக்கச் சந்தை மூட அரை மணி இருந்தது. ஒரு கம்பனியின் காலாண்டு முடிவு அன்று மாலை வெளிவர இருந்தது. "நல்லா வந்தா பங்கு பறக்கும், கெட்டா வந்தா விழும். ரெண்டில ஒண்டு நடக்கும்தானே? அதனால ரெண்டுக்கும் சேர்த்து வாங்கிட்டன்" என்றான். நான் நித்திரைத் தூக்கத்தில் "சரி" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் பின்னேரம் ஏழு மணிக்கு, அங்கே சந்தை திறந்ததும், திரும்ப எடுத்தான். "மச்சான், பங்கு ஏறிட்டுது. அஞ்சரை வீதத்துக்கு மேல. ஆனா எனக்கு நட்டம் காட்டுது. என்னெண்டு?"

உயர்தரக் கணக்கியல் படிப்பிக்கிற எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. அவன் செய்ததற்கு ஸ்ட்ரடில் வாங்குதல் என்று பெயர். விலை எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல், பெரிதாகப் போகும் என்று மட்டும் நம்பிக் கட்டும் பந்தயம் அது. அவனுக்கு அன்று தாளில் போட்டுக் காட்டியதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எண்கள் அவன் சொன்னவற்றை வட்டமாக்கியவை. கம்பனியின் பெயர் தேவையில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைச் செய்ய நேரான வழி இல்லை. கொழும்புப் பங்குச் சந்தையில் ஒப்ஷன் வியாபாரம் கிடையாது. ஆனால் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற நம் வீட்டுப் பிள்ளைகளின் கைபேசியில் இது இரண்டு தட்டுத் தூரத்தில் இருக்கிறது. இரவில் அழைத்துக் கேட்கிறார்கள். பதில் தெரிந்திருப்பது நல்லது.

படி 1: இரண்டு அச்சாரங்கள்

காணி வாங்குகிறவர்களுக்கு ஒப்ஷனை விளக்குவது சுலபம். ஒரு பரப்பை இன்ன விலைக்கு மூன்று மாதத்துக்குள் எழுதுவதாகப் பேசி அச்சாரம் கொடுக்கிறீர்கள். அதற்குள் அந்தப் பக்கம் விலை ஏறினால் பேசிய விலைக்கே எழுதிக்கொள்ளலாம். விலை இறங்கினால் அச்சாரத்தை விட்டுவிட்டு வரலாம். வாங்குவது உங்கள் உரிமை, கட்டாயம் அல்ல. இதுதான் கோல் ஒப்ஷன். பேசிய விலைக்கு ஸ்ட்ரைக் என்றும் அச்சாரத்துக்குப் பிரீமியம் என்றும் பெயர்.

புட் ஒப்ஷன் இதன் மறுபக்கம். பேசிய விலைக்கு விற்கும் உரிமை உங்களிடம் இருக்கும். விலை விழுந்தால் அதற்குப் பெறுமதி கூடும். நம் ஊரில் யாரும் காணிக்கு இப்படி அச்சாரம் வாங்குவதில்லை, ஆனால் பங்குச் சந்தையில் வாங்குவார்கள்.

ஒரே பங்கு, ஒரே ஸ்ட்ரைக், ஒரே முடிவுத் திகதி என்று வைத்து ஒரு கோலையும் ஒரு புட்டையும் சேர்த்து வாங்கினால் அது ஸ்ட்ரடில். வழக்கமாக அன்றைய சந்தை விலைக்கு மிகக் கிட்டிய ஸ்ட்ரைக்கைத் தெரிவார்கள். தள்ளி எடுத்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். திசைப் பந்தயம் தெரியாமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மச்சான் வாங்கும்போது பங்கு 80 டொலர். ஸ்ட்ரைக்கும் 80. இந்த உரிமைகள் காலாவதியாகும் முடிவு நாள் அந்த வாரமே வெள்ளிக்கிழமை. கோலுக்கு 3.10, புட்டுக்கு 2.90, மொத்தம் 6 டொலர். அமெரிக்காவில் ஒரு ஒப்பந்தம் 100 பங்கு, ஆகவே அவன் கையை விட்டுப் போனது 600 டொலர்.

படி 2: இலாப நட்டத்தை வரைந்து பார்த்தல்

முடிவு நாளில் இரண்டு ஒப்ஷனில் ஒன்று வெறும் தாள், மற்றதற்குப் பெறுமதி இருக்கும். பங்கு 92இல் முடிந்தால் கோல் 12 டொலர் பெறும், புட் பூச்சியம். 70இல் முடிந்தால் புட் 10 பெறும், கோல் பூச்சியம். ஸ்ட்ரைக்கிலிருந்து பங்கு எவ்வளவு தூரம் விலகியதோ அதுதான் கைக்கு வருவது. எந்தப் பக்கம் விலகியது என்று அது பார்ப்பதில்லை. அதிலிருந்து கொடுத்த பிரீமியத்தைக் கழித்தால் கணக்கு முடிந்தது. `S` முடிவு நாள் விலை, `K` ஸ்ட்ரைக், `P` இரண்டுக்கும் கொடுத்த மொத்தப் பிரீமியம்:

```
profit    = |S - K| - P
breakeven = K - P  மற்றும்  K + P
```

எக்செல் தாளில் A நிரலில் விலைகளை எழுதி, பக்கத்தில் `=(ABS(A2-80)-6)*100` என்று போட்டு இழுத்துவிட்டால் போதும். மச்சானின் ஒப்பந்தத்துக்கு வந்த எண்கள் இவை:

| வெள்ளி முடிவில் பங்கு விலை | ஒரு ஒப்பந்தத்துக்கு இலாபம் / நட்டம் (டொலர்) |
|---|---|
| 70 | +400 |
| 74 | 0 |
| 77 | −300 |
| 80 | −600 |
| 83 | −300 |
| 86 | 0 |
| 92 | +600 |

வரைந்தால் ஆங்கில V போல வரும். அடி முனை 80இல், 600 டொலர் நட்டத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே நட்டம் போகாது. வாங்கியவனுக்கு ஸ்ட்ரடில் தருகிற ஒரே உறுதி அதுதான். பிரேக் ஈவன், அதாவது முதல் மட்டும் திரும்பி வரும் விலை, இரண்டு இடத்தில் இருக்கிறது: 74, 86. இரண்டுக்கும் இடைப்பட்டது முழுவதும் நட்ட நிலம்.

இங்கே பலருக்கு வரும் பிழை, பிரேக் ஈவனைக் கோல், புட் என்ற ஒவ்வொரு காலுக்கும் தனியாகக் கணக்கிடுவது. கோலுக்கு 3.10 கொடுத்தேன், ஆகவே 83.10 தாண்டினால் இலாபம் என்று மச்சானும் நினைத்திருந்தான். பங்கு ஏறினால் புட்டுக்குக் கொடுத்த 2.90உம் போய்விடும். கோல் தனக்கும் உழைத்து, செத்துப்போன புட்டின் செலவையும் அடைக்க வேண்டும்.

படி 3: டொலரை வீதமாக்கி, சந்தை என்ன நினைக்கிறது என்று வாசித்தல்

6ஐ 80ஆல் பிரித்தால் 7.5 வீதம். இந்த எண்ணை உற்றுப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரடில் முடிவில் தருவது விலகிய தூரம் என்றால், அதன் நியாயமான விலை என்ன? சராசரியாக எவ்வளவு விலகும் என்று எதிர்பார்க்கிறார்களோ, கிட்டத்தட்ட அதுதான். ஆகவே 6 டொலர் விலை என்றால், "வெள்ளிக்குள் இந்தப் பங்கு ஏதோ ஒரு பக்கம் சராசரியாக 7.5 வீதம் நகரும்" என்று சந்தை சொல்லி, அதற்குரிய காசையும் முன்கூட்டியே உங்களிடம் வாங்கிவிட்டது.

"இண்டைக்கு முடிவு வருகுது, பங்கு அசையும்" என்ற செய்தி மச்சானிடம் மட்டும் இருந்த செய்தி அல்ல. திகதி எல்லோருக்கும் தெரியும். பங்கு அசையுமா என்பது பந்தயமே இல்லை. 7.5 வீதத்தைவிட அதிகம் அசையுமா என்பதுதான் அவன் கட்டிய பந்தயம். அவனுக்கு அது தெரியாது.

இதே செய்தியை ஐ.வி. என்ற இன்னோர் எண்ணாகவும் திரையில் காட்டுவார்கள். ஒப்ஷன் விலையில் ஒளிந்திருக்கும் ஏற்ற இறக்க எதிர்பார்ப்பை ஆண்டுக் கணக்கில் வீதமாகச் சொல்வது அது. ஸ்ட்ரைக் சந்தை விலைக்குக் கிட்ட இருக்கும்போது இரண்டுக்குமான தொடர்பைக் கையாலேயே போடலாம். ஸ்ட்ரடில் விலை ஏறத்தாழ 0.8 பெருக்கல் பங்கு விலை, பெருக்கல் ஐ.வி., பெருக்கல் காலத்தின் வர்க்கமூலம். ஆண்டுக்கு 252 வியாபார நாள்; மச்சானிடம் மீதி இருந்தது இரண்டு:

```
=0.8*80*1.05*SQRT(2/252)     →  5.99
```

அதாவது ஐ.வி. 105 வீதம். இந்த எண் பயங்கரமாகத் தெரியக் காரணம், இரண்டு நாளில் ஒன்று சாதாரண நாள் அல்ல என்பதுதான். முடிவு வெளிவரும் அந்த ஓர் இரவின் அசைவு முழுவதையும் இரண்டு நாளுக்குள் அமுக்கி வைத்திருக்கிறார்கள். இதே பங்கு சும்மா கிடக்கும் வாரத்தில் அதன் ஐ.வி. 35 அளவில்தான் இருந்தது.

படி 4: இரவோடிரவாக என்ன நடந்தது

முடிவு வந்துவிட்டால் இரகசியம் தீர்ந்தது. ஐ.வி. 105இலிருந்து 35க்கு ஒரே இறக்கமாக இறங்கும். பங்கு 80ஐ விட்டு அசையவே இல்லை என்று வைத்துக்கொண்டு அதே சூத்திரத்தில் 0.35ஐப் போட்டுப் பாருங்கள்:

```
=0.8*80*0.35*SQRT(2/252)     →  2.00
```

6 டொலருக்கு வாங்கியது சந்தை திறக்கும்போது 2 டொலர். நான்கு டொலர் அந்த இரவுக்கான கட்டணமாகப் போய்விட்டது, காலை வந்ததும் திரும்பாது. மலிவாகிவிட்ட இந்த நிலையிலிருந்துதான் பங்கின் அசைவு உங்களை மேலே தூக்க வேண்டும்.

மச்சானுக்கு அது தூக்கியது, ஆனால் போதாது. வியாழன் பங்கு 84.50இல் திறந்தது, 5.6 வீத ஏற்றம். கோல் 4.55, புட் ஐந்து சதம். மொத்தம் 4.60. அவன் கைபேசி காட்டிய 140 டொலர் நட்டம் இதுதான். வேறு எவருக்கும் 5.6 வீதம் என்பது பெரிய ஏற்றம். 7.5 வீதத்துக்குக் காசு கட்டியவனுக்கு அது குறை.

இதற்குள் இன்னொரு சின்னக் கசிவும் உண்டு. அவன் 6.00க்கு வாங்கிய அதே நொடியில் விற்கப் போயிருந்தால் 5.60தான் கிடைத்திருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு காலிலும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் இருபது சதம் இடைவெளி. ஸ்ட்ரடிலில் இரண்டு கால் இருப்பதால் இந்த இடைவெளியும் தரகுக் கூலியும் இரண்டு தரம் கடிக்கும். வியாபாரம் குறைந்த பங்குகளில் இந்த இடைவெளியே பந்தயத்தைத் தின்றுவிடும். திரையில் காட்டும் நடுவிலையை நம்பிப் பிரேக் ஈவன் போடாமல், உண்மையில் கொடுத்த விலையை வைத்துப் போடுங்கள்.

படி 5: வாங்குவதற்கு முன் போட வேண்டிய ஒரே கணக்கு

மச்சான் போடாமல் விட்ட கணக்கு இது. அந்தப் பங்கின் கடந்த எட்டுக் காலாண்டு முடிவுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முதல் நாள் மூடிய விலைக்கும் மறுநாள் மூடிய விலைக்கும் இடையிலான மாற்றத்தை, கூட்டல் கழித்தலைப் பாராமல், வீதமாக எழுதச் சொன்னேன். அவன் வாசித்தவை:

4.1, 9.8, 2.6, 6.0, 11.9, 3.3, 5.2, 1.9

கூட்டினால் 44.8. எட்டால் பிரித்தால் 5.6. ஆக, சராசரியாக 5.6 வீதம் அசைந்த பங்குக்கு 7.5 வீதம் கொடுத்து வாங்கியிருக்கிறான். 80 டொலரில் 5.6 வீதம் 4.48, அதை 6க்கு வாங்கியிருக்கிறான். தற்செயலாக அவனுக்கு இம்முறையும் அதே 5.6தான் வந்தது.

இதைக் கேட்டதும், "எட்டில ரெண்டு தரம்தானே 7.5 தாண்டியிருக்கு, அப்ப இது எப்பவும் தோற்கிற விளையாட்டா?" என்றான். அப்படியும் இல்லை. எத்தனை தரம் பிரேக் ஈவனைத் தாண்டியது என்பது தவறான எண். கடைசியில் வந்த 1.9க்குப் பதிலாக ஒரு காலாண்டில் 22 வீதம் விழுந்திருந்தது என்று வையுங்கள். இப்போது எட்டில் மூன்றுதான் தாண்டுகிறது, ஐந்து தரம் நட்டம். ஆனால் சராசரி 8.1 வீதம். 7.5 கொடுத்து ஒவ்வொரு தரமும் வாங்கியவன் மொத்தத்தில் முன்னுக்கு நிற்கிறான். ஸ்ட்ரடில் வாங்குகிறவனின் வாழ்க்கை இப்படித்தான்: பல சின்னத் தோல்வி, எப்போதாவது ஒரு பெரிய வெற்றி. விற்கிறவனுக்கு அப்படியே தலைகீழ்.

அந்தத் தலைகீழ் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிரித்தானியாவின் பாரிங்ஸ் வங்கியின் கதை போதும். அதன் சிங்கப்பூர் வியாபாரி நிக் லீசன் நிக்கேய் சுட்டெண்ணில் ஸ்ட்ரடில்களை விற்று வைத்திருந்தார். யப்பான் சந்தை அசையாமல் கிடந்தால் இலாபம். 1995 ஜனவரி 17 கோபேயில் நிலநடுக்கம் வந்தது. சந்தை விழ விழ அதைத் தாங்கிப் பிடிக்க, பின்னொரு நாளுக்கு இப்போதே விலை பேசும் பியூச்சர்ஸ் ஒப்பந்தங்களை வாங்கிக் குவித்தார். மொத்த நட்டம் 827 மில்லியன் பவுண். பெப்ரவரி முடிவில் வங்கியே இல்லை.

எட்டு எண் என்பது சின்ன மாதிரி. ஒரு பெரிய அசைவு வந்தாலும் வராவிட்டாலும் சராசரி ஆடிவிடும். அதனால் 5.6ஐயும் 5.9ஐயும் ஒப்பிட்டு முடிவெடுக்க முடியாது. கடந்த சராசரி, கேட்கும் விலையைவிடத் தெளிவாகப் பெரிதாக இருக்க வேண்டும், அல்லது இந்த முறை முன்னையவற்றைவிட வேறு என்று நம்ப உங்களிடம் ஒரு காரணம் இருக்க வேண்டும். உதாரணமாக, கம்பனியின் பாதி வருமானத்தைத் தீர்மானிக்கும் வழக்குத் தீர்ப்பு அதே வாரத்தில் வருகிறது, ஆனால் ஒப்ஷன் விலை வழக்கமான காலாண்டு போலவே இருக்கிறது என்றால் அது காரணம். "எனக்கு மனசு சொல்லுது" காரணம் அல்ல.

படி 6: எப்போது வெளியேறுவது

வியாழன் பின்னேரம் மச்சானிடம் 4.60 பெறும் பொருள் இருந்தது. விற்றால் 140 நட்டம். "வெள்ளி மட்டும் பாத்தா 86 தொடும்" என்று வைத்துக்கொண்டான். வெள்ளி 83.20இல் மூடியது, கோல் 3.20, நட்டம் 280 ஆனது.

அவன் பொறுமை இழந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, 87க்கும் போயிருக்கலாம். ஆனால் வியாழன் காலையில் அவன் கையில் இருந்தது ஸ்ட்ரடிலே அல்ல. புட் செத்துவிட்டது. கோல் பங்கோடு சேர்ந்து ஏறி இறங்கும் நிலையில் இருந்தது. அதாவது அவனிடம் இருந்தது 100 பங்கைக் கையில் வைத்திருப்பது போன்ற வெறும் திசைப் பந்தயம். அசைவு பெரிதாக இருக்கும் என்று கட்டிய பந்தயம் முடிவு வெளிவந்த நிமிடமே தீர்ந்துவிட்டது. அந்தக் கம்பனியைப் பற்றி அவனுக்கு எந்தக் கருத்தும் இல்லை என்று அவனே சொன்னான். கருத்தில்லாதவன் திசைப் பந்தயத்தில் ஏன் நிற்க வேண்டும்?

இன்னொரு சின்ன எச்சரிக்கை. முடிவு நாளில் ஒரு சதமாவது பெறுமதி உள்ள ஒப்ஷனை அமெரிக்காவில் தன்னாலே செயற்படுத்திவிடுவார்கள். வெள்ளி சந்தை மூடுமுன் விற்காமல் விட்டால், திங்கள் காலை கணக்கில் 80 டொலருக்கு வாங்கிய 100 பங்கு நிற்கும். அதற்கு 8,000 டொலர் வேண்டும். 600 டொலர் பந்தயம் கட்டியவனிடம் அது இருக்காது.

படி 7: பாதை வேறு, சேருமிடம் வேறு

இதற்கு உண்மையான சந்தையில் நடந்ததை எடுக்கலாம். இந்தியாவின் 2024 தேர்தல் முடிவு. மே 31 வெள்ளிக்கிழமை இந்தியப் பங்குச் சுட்டெண் நிஃப்டி 22,530.70இல் மூடியது. மறுநாள் மாலை கருத்துக் கணிப்புகள் வந்தன. ஜூன் 3 திங்கள் 23,263.90. ஜூன் 4 வாக்கு எண்ணிய நாள் 21,884.50, ஒரே நாளில் ஏறத்தாழ 6 வீத வீழ்ச்சி. ஜூன் 5 திரும்ப 22,620.35. அந்த வார ஒப்ஷன் முடியும் ஜூன் 6 வியாழன் 22,821.40.

வெள்ளி மாலை 22,550 ஸ்ட்ரைக்கில் ஸ்ட்ரடில் வாங்கியவரை எடுப்போம். ஐ.வி. 24 என்று வைத்து, ஆறு நாட்காட்டி நாளை 365ஆல் பிரித்து மேலே சொன்ன சூத்திரத்தைப் போட்டால் சுமார் 555 புள்ளி வருகிறது. இது என் தோராயம். அந்த நான்கு நாளில் சந்தை மேலே 733, கீழே 1,379, மீண்டும் மேலே 736 புள்ளி என்று ஆடியது. இதைவிட ஆட்டம் கேட்க முடியாது. ஆனால் வியாழன் மட்டும் பேசாமல் வைத்திருந்தால் கையில் வந்தது 22,821.40 கழித்தல் 22,550, அதாவது 271 புள்ளி. பாதிக்கு மேல் நட்டம்!

V வரைபடம் பார்ப்பது முடிவு நாள் விலையை மட்டும்தான். நடுவில் எங்கே போய் வந்தது என்று அது கேட்பதில்லை. அதே ஆள் திங்களன்று, ஸ்ட்ரைக்கிலிருந்து 700 புள்ளிக்கு மேல் விலகியிருந்தபோது, விற்றிருந்தால் இலாபம். விற்ற காசில் 23,250 ஸ்ட்ரைக்கில் புது ஸ்ட்ரடில் வாங்கியிருந்தால் செவ்வாயின் வீழ்ச்சி முழுவதும் மறுபடி அவர் பக்கம். அசைவுக்குப் பந்தயம் கட்டியவர் அசைவு வந்தபோதே அதை அறுவடை செய்ய வேண்டும், அல்லது ஸ்ட்ரைக்கை நடுவுக்கு நகர்த்த வேண்டும். நெல் விளைந்த பிறகு வயலில் விட்டால் மழை வந்து கொண்டுபோகும்.

படி 8: அப்படியானால் எப்போதுதான் வாங்குவது?

என் அபிப்பிராயத்தில், நாட்காட்டியில் சிவப்பு வட்டம் போட்ட நாளுக்கு முதல் நாள் வாங்குவது பெரும்பாலும் மோசமான வேளை. எல்லோரும் குடை தேடும்போது குடை விலை ஏறியிருக்கும். நியாயமான வேளை, சந்தை நித்திரையில் இருந்து ஐ.வி. தாழ்ந்திருக்கும்போது, உங்களிடம் மட்டும் அமைதி நீடிக்காது என்பதற்குக் காரணம் இருக்கும்போதுதான்.

100 விலையுள்ள ஒரு சுட்டெண், ஐ.வி. 16, முப்பது நாட்காட்டி நாள் ஸ்ட்ரடில். விலை 3.67 வருகிறது. 16 என்ற எண்ணை வேண்டுமென்றே எடுத்தேன்: 252இன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 16, ஆகவே ஐ.வி.யை 16ஆல் பிரித்தால் ஒரு நாளுக்கு எதிர்பார்க்கும் அசைவு வரும். இங்கே ஒரு வீதம். அந்தச் சுட்டெண் அன்றாடம் ஒன்றரை வீதம் ஆடப் போகிறது என்று நம்பினால் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. அரை வீதம்தான் ஆடுகிறது என்றால் ஒவ்வொரு நாளும் காசு கசிகிறது.

அந்தக் கசிவு ஒரே சீராக இருக்காது. விலை 100இலேயே கிடந்தால் பதினைந்தாம் நாளில் ஸ்ட்ரடில் 2.59, ஏழு நாள் மீதியில் 1.77. முதல் பதினைந்து நாளில் 1.08 போகிறது, கடைசி ஏழு நாளில் மிச்சம் 1.77 முழுவதும் போகிறது. அதனால்தான் முப்பது, நாற்பது நாள் உள்ளதை வாங்கி, கடைசி இரண்டு வாரத்துக்கு முன்பே கைகழுவுவது வழக்கம். இடையில் சந்தையில் பயம் வந்து பத்தாம் நாளில் ஐ.வி. 24 ஆகிவிட்டால், விலை 100ஐ விட்டு அசையாவிட்டாலும் ஸ்ட்ரடில் 4.49 பெறும். பிரேக் ஈவனைத் தொடாமலே இலாபம். பிரேக் ஈவன் விலைகள் முடிவு நாளுக்கு மட்டும் உரியவை என்பது இங்கே உங்களுக்குச் சாதகமாக வேலை செய்கிறது.

ஆனாலும், சுட்டெண் ஒப்ஷன்களில் நீண்டகாலச் சராசரியில் ஐ.வி. உண்மையில் வந்த அசைவைவிடக் கொஞ்சம் உயரமாகவே இருந்து வந்திருக்கிறது. காப்புறுதிக் கம்பனி பிரீமியத்தில் இலாபம் வைப்பது போலத்தான். எப்போதும் வாங்கிக்கொண்டே இருக்கிறவன் அந்த இலாபத்தைக் கட்டிக்கொண்டே இருப்பான்.

திசை தெரிந்த இடத்தில் ஸ்ட்ரடில் வீண்செலவு என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். 2022 மார்ச்சுக்கு முன் பல மாதங்களாக நம் ரூபாய் டொலருக்கு 200 சொச்சத்தில் கட்டிப்போடப்பட்டிருந்தது. விலை அசையவில்லை, கணக்குத் தாளில் பார்த்தால் பரம சாதுவான நாணயம். கட்டை அவிழ்த்ததும் இரண்டு மாதத்தில் 360 அளவுக்குப் போனது. அசைவு குறைவு என்பது ஆபத்துக் குறைவு என்று அர்த்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம்மிடம் இல்லை. ஆனால் அன்றைக்கு ரூபாயில் ஒப்ஷன் வாங்க முடிந்திருந்தாலும் ஸ்ட்ரடில் வாங்கியிருக்கக் கூடாது. வெளிநாட்டுக் காசு மாற்றுகிற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள், அது ஒரு பக்கம்தான் போகும் என்று. டொலர் ஏறும் பக்கத்துக்கு ஒரு கோல் மட்டும் போதும். ரூபாய் பலப்படும் பக்கத்துக்குக் கொடுக்கும் பிரீமியம் கடலில் கொட்டிய காசு.

போன கிழமை மச்சான் திரும்ப எடுத்தான். இன்னொரு கம்பனி, இன்னொரு காலாண்டு முடிவு. இந்த முறை எட்டு எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டுதான் அழைத்தான். சராசரி 6.2, ஸ்ட்ரடில் கேட்டது 8. "வேண்டாம் எண்டு விட்டிட்டன்" என்றான். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆனா மச்சான், 8க்கு விற்கிறவன் யாரு? நான் அந்தப் பக்கம் போகலாமே?" என்று கேட்டான். பாரிங்ஸ் கதையைத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன்.